ஒரு டின் புரத மாவும் இருவர் சிறுநீரகமும்



பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்திற்கு வாரம் நான்கு நாள் செல்லும் என் முன்னாள் மாணவர் ஒருவர், அண்மையில் இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு என்னைக் காண வந்தார். வயது 31, எடை 70 கிலோ. அறிக்கையில் கிரியேட்டினின் 132 என்றும், அதைக்கொண்டு கணக்கிட்ட சிறுநீரக வடிகட்டும் திறன் 64 என்றும் இருந்தன. இளைஞர் ஒருவருக்கு அது 90க்கு மேல் இருக்க வேண்டும். "சார், புரத மாவு என் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டதா?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நலக்கல்வி படித்தவன், அவ்வளவே. ஆயினும் கணக்குப் போடத் தெரியும். முதலில் அவருக்கு எவ்வளவு புரதம் தேவை என்று பார்த்தோம். எடைப்பயிற்சி செய்வோரிடம் நடத்தப்பட்ட 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வின்படி, நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் தசை கூடுதலாக வளர்வதில்லை. இவருக்கு அது 112 கிராம். காலையில் இரண்டு முட்டை 12, நண்பகலில் நூறு கிராம் கோழி 30, இரவில் மீன் 22, சோறு, பருப்பு, தோசை, பால் எல்லாமாக 25. ஆக மொத்தம் 89. குறைவது 23 கிராம். ஒரு கரண்டி மாவில் உள்ளதும் ஏறக்குறைய அதுவே. அவரோ பயிற்றுநர் சொன்னார் என்று மூன்று கரண்டி குடித்து வந்தார். மிஞ்சிய புரதம் தசையாக மாறுவதில்லை. அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். மாவின் விலையை நினைத்தால் மனம் வலிக்கிறது!

ஆனால் பணம் வீணாவது வேறு, சிறுநீரகம் கெடுவது வேறு. புரதம் மிகுதியாக உண்டால் வடிகட்டிகளுக்குள் செல்லும் இரத்தக் குழாய் விரிந்து, வடிகட்டும் வேகம் கூடுகிறது. நலமான சிறுநீரகம் இந்தக் கூடுதல் வேலையைத் தாங்கிக்கொள்கிறது. நலமுள்ளவர்களிடம் இதுவரை நடந்த சோதனைகளில் கேடு தென்படவில்லை. அவற்றில் பெரும்பாலானவை சில மாதங்களே நடந்தவை என்பதையும் மறைக்கக்கூடாது.

அப்படியானால் 132 எங்கிருந்து வந்தது? அவர் மாவோடு கிரியேட்டின் தூளும் உட்கொண்டு வந்தார். அது உடலில் கிரியேட்டினினாக மாறுகிறது. திரண்ட தசையும், முந்தைய நாள் கடும் பயிற்சியும், இறைச்சி உணவும்கூட அந்த எண்ணை உயர்த்தும். மருத்துவர் அந்தத் தூளை நிறுத்தச் சொல்லி, சில நாள் பயிற்சிக்கும் ஓய்வு கொடுத்து, மறுபடி சோதித்தார். தசையைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின்-சி சோதனையும், சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்ற சோதனையும் செய்தார். எல்லாம் சீராக இருந்தன.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். பயந்துபோய் அவர் ஒதுக்கி வைத்த டின்னைக் கிள்ளானில் இருக்கும் அவருடைய அம்மா வீணாக்க மனமின்றி, "உடம்புக்குத் தெம்பு" என்று நாளுக்கு இரண்டு கரண்டி பாலில் கலந்து குடித்து வந்தார். அம்மாவுக்கு வயது 58, எடை 60 கிலோ, நீண்டகால நீரிழிவு. அவருடைய கிரியேட்டினின் 118. மகனுடையதைவிடக் குறைவு! ஆனால் அவருடைய வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் 46தான். சிறுநீரில் அல்புமினும் கசிந்தது. நோய் அம்மாவிடம்தான் இருந்தது.

நீரிழிவு பல வடிகட்டிகளை அழித்துவிட்டபின், எஞ்சியவை ஏற்கனவே மிகை அழுத்தத்தில் உழைக்கின்றன. கூடுதல் புரதம் அவ்வழுத்தத்தை மேலும் ஏற்றி அவற்றையும் தழும்பாக்கக்கூடும் என்று 1982இல் பிரென்னர் முதலிய மருத்துவர்கள் விளக்கினர். 2024இல் வெளியான உலகச் சிறுநீரக வழிகாட்டுதல், இத்தகையோர் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் உண்ணவும், நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் 1.3ஐத் தாண்டாதிருக்கவும் சொல்கிறது. அம்மாவுக்கு 0.8 என்றால் 48 கிராம். அன்றாடச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடுகிறது. இரண்டு கரண்டி மாவு இன்னொரு 48ஐச் சேர்த்தது. அதாவது மகன் உண்ண வேண்டிய 1.6ஐ அம்மா உண்டு வந்தார். (இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. இதைப் படித்துவிட்டு யாரும் குறைத்துவிடாதீர்கள்.)

பயிற்சிக் கூடத்தில் எடை கேட்கிறார்கள், வயது கேட்கிறார்கள். வீட்டில் யாருக்கு நீரிழிவு என்று எவரும் கேட்பதில்லை. 2020இல் வெளியான நம் நாட்டு ஆய்வொன்றில், பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களுள் அதை முன்பே அறிந்திருந்தவர்கள் 5 விழுக்காட்டினரே. நோய் முற்றும்வரை வலியோ வீக்கமோ தெரியாது. ஆகவே நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், அவை குடும்பத்தில் உள்ளவர்களும், டின்னைத் திறப்பதற்கு முன் கிரியேட்டினினோடு சிறுநீர் அல்புமின் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

டின் இப்போது மகனின் அறைக்கே திரும்பிவிட்டது. நாளுக்கு ஒரு கரண்டி. அம்மா அடுத்த மாதம் உணவியலாளரைப் பார்க்கப் போகிறார். மகனே அழைத்துச் செல்வதாகச் சொன்னார்.