கிலோவுக்கு முன்னால் ஒரு அடி



ஆவணி பிறந்தால் பூவுக்கு இரண்டு பக்கமும் கிராக்கி. இங்கே முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வரும். அதே சமயத்தில் ஓணத்துக்காகத் தோவாளைச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் பூ போகும். நேற்றைய விலை இன்று இருக்காது. "ஒரு இருபது கிலோ எடுத்து வையுங்கண்ணே" என்று மண்டியில் உத்தேசமாகச் சொல்லிவிட்டு வருபவர்களுக்கு இந்த மாதத்தில்தான் பாடு அதிகம். மிஞ்சினால் மறுநாள் குப்பைக்குப் போகும். குறைந்தால் விடியற்காலையில் சொன்ன விலைக்கு வாங்கியாக வேண்டும்.

வீட்டு விசேஷத்துக்குத் தாங்களே பூ வாங்கிக் கோர்த்து அலங்கரிக்கப் போகிறவர்களுக்காக இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். ஒரு நிச்சயதார்த்த வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசலில் ஒரு வளைவு, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இரண்டு மாலை, கூடத்தில் ஒரு பூக்கோலம். மொத்தம் எத்தனை கிலோ?

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் தேடினால் தப்பாகத்தான் வரும். வாங்குவது கிலோவில் என்றாலும், மாலைக்கு நாம் நிரப்புவது நீளத்தை, வளைவுக்குச் சுற்றளவை, கோலத்துக்குத் தரையின் பரப்பை. மூன்றுக்கும் மூன்று கணக்கு. அவற்றை எடையாக மாற்றித் தருவது ஒரு சின்னச் சோதனைதான். ஒரு வாரம் முன்னதாகத் தெருமுனைப் பூக்கடையில் அரைக் கிலோ செண்டுமல்லி வாங்குங்கள். தென்மாவட்டக்காரர்கள் கேந்தி என்று கேட்டு வாங்குங்கள். முதலில் பூக்களை எண்ணுங்கள். பிறகு, விசேஷத்துக்கு எப்படிக் கோர்ப்பீர்களோ அதே நெருக்கத்தில் ஒரு அடி மட்டும் கோர்த்து, அதில் எத்தனை பூ பிடித்தது என்று பாருங்கள்.

அரைக் கிலோவில் 75 பூ இருந்தது, ஒரு அடிக்கு 10 பூ பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கிலோவுக்கு 150 பூ, 15 அடி சரம். இனி எல்லாக் கணக்கும் இந்தப் பதினைந்தில் இருந்துதான் கிளம்ப வேண்டும். உங்கள் சோதனையில் 12 வரலாம், 18 வரலாம். பூவின் பருமன், ரகம், கோர்க்கிற கையின் நெருக்கம் எல்லாம் சேர்ந்து அதை மாற்றும். அதனால் அடுத்த வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாலை மூன்றிலும் எளிது. கயிறு ஒன்றை உரியவரின் கழுத்தில் போட்டு, மாலை எதுவரை தொங்க வேண்டுமோ அதுவரை விட்டு அளந்துகொள்ளுங்கள். சுற்று நீளம் ஆறரை அடி என்றும், சம்பங்கியில் உருண்டையாக ஒரு அடி கட்டிப் பார்த்ததில் 150 கிராம் வந்தது என்றும் வைத்தால், மாலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அடியில் குஞ்சத்துக்கு 200 கிராம். இரண்டு மாலைக்கு 2.4 கிலோ. இந்த எடை கொள்முதலுக்கு மட்டும் உதவுவதில்லை. கழுத்து எவ்வளவு தாங்கும் என்பதையும் சொல்லிவிடும். ஒரு மாலையே இரண்டு கிலோவைத் தாண்டினால் மாலையை மெலியக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் பெண் கழற்றி வைத்துவிடுவாள். தோவாளை மாணிக்கமாலை போல அரளியையும் நொச்சி இலையையும் மடித்துப் பின்னும் மாலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே விலை கைவேலைக்கு. மாலை இத்தனை என்று எண்ணிக்கையில் சொல்லிவிட வேண்டியதுதான்.

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது வளைவில். இரண்டு கால்களும் எட்டெட்டு அடி, மேலே ஆறு அடி, ஆக மொத்தம் 22 அடி. 15 அடிக்கு ஒரு கிலோ என்றால் ஒன்றரைக் கிலோ போதுமே என்று மனம் கணக்குப் போடும். அந்த ஒன்றரைக் கிலோ, கம்பத்தின் மேல் ஒற்றைக் கோடாகத்தான் ஓடும். வளைவு நிறைந்து தெரிய வேண்டுமானால் சரம் கம்பத்தைச் சுற்றி வர வேண்டும்.

வைக்கோல் சுற்றித் துணி கட்டிய கம்பத்தின் குறுக்களவு நாலு அங்குலம் என்று வையுங்கள். அதன் மேல் இரண்டு அங்குல அகலப் பூ உட்காரும்போது, சரத்தின் நடுநூல் ஓடுவது ஆறு அங்குலக் குறுக்களவுள்ள வட்டத்தில். அதன் சுற்றளவு சுமார் 19 அங்குலம், ஒரு அடிக்கு மேல் இன்னும் அரை அடி. கம்பத்தின் ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி இல்லாமல் ஆறு சுற்று வேண்டும். அதாவது ஒரு அடிக் கம்பத்துக்கு ஒன்பதரை அடிச் சரம். 22 அடிக்கு 209 அடி. ஏறக்குறைய 14 கிலோ. ஒன்றரைக்கும் பதினாலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தீர்களா?

பதினாலு கிலோ வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வளைவு சுவரை ஒட்டி நிற்கிறதா, நடந்து உள்ளே போகிறவர்களுக்குப் பின்பக்கமும் தெரியுமா என்று முதலில் பாருங்கள். சுவரை ஒட்டி நின்றால் சுற்ற வேண்டாம். முன்பாதியில் மட்டும் சரங்களை நீளவாக்கில் பக்கம் பக்கமாகக் கட்டினால் ஐந்து சரம் போதும். ஐந்தை 22-ஆல் பெருக்கினால் 110 அடி, சுமார் ஏழே கால் கிலோ. அதுவும் அதிகம் என்றால் கம்பத்துக்கு மாவிலையோ அசோக இலையோ கட்டிவிட்டு, அரை அடிக்கு ஒரு சுற்று வீதம் சரத்தை ஏற்றுங்கள். 73 அடி, ஐந்து கிலோவுக்குள் முடியும். ஒரே வளைவுக்கு ஐந்து, ஏழு, பதினாலு என்று மூன்று விடை. எந்த விடை என்பதைத் தீர்மானிக்காமல் மண்டிக்குப் போன் போடக் கூடாது. நம் நிச்சயதார்த்த வீட்டில் வளைவு சுவரை ஒட்டி நிற்கிறது. ஏழே கால் கிலோ.

அடுத்தது பூக்கோலம். இதற்குச் சோதனை வேறு. ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம் சாக்பீஸில் கீறி, தரை தெரியாத அளவுக்கு இதழ் தூவி, அதை அள்ளி எடை போடுங்கள். ஆய்ந்த செண்டுமல்லி இதழ் சதுர அடிக்கு 200 கிராம் பிடித்தது என்போம். காம்பும் பச்சைப் புல்லியும் எடையில் கணிசம் என்பதால், ஆய்வதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது முக்கியம். ஒரு கிலோ பூவில் 700 கிராம் இதழ் தேறியது என்று வைத்துக்கொள்வோம்.

கோலம் ஆறடிக் குறுக்களவு. நடுவிலிருந்து விளிம்புக்கு மூன்றடி. நடுவில் வாடாமல்லி, அடுத்து மஞ்சள் செண்டுமல்லி, வெளியே ஆரஞ்சு, ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம். அகலம் ஒன்றுதானே என்று மூன்று நிறத்தையும் சம அளவில் வாங்கினால், வாடாமல்லி கூடையில் மிஞ்சும், ஆரஞ்சு பாதி வட்டத்திலேயே தீர்ந்துவிடும். உண்மையில் மூன்று நிறங்களின் பரப்பும் ஒன்றுக்கு மூன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் இருக்கிறது. ஓரடி ஆரமுள்ள வட்டம் ஒரு பங்கு என்றால் ஈரடி வட்டம் நாலு பங்கு, மூவடி வட்டம் ஒன்பது பங்கு. ஒன்றை அடுத்ததிலிருந்து கழித்தால் ஒன்று, மூன்று, ஐந்து. அகலம் சமமாக இருக்கும் வரை நாலாவது வளையம் ஏழு, ஐந்தாவது ஒன்பது என்று போய்க்கொண்டே இருக்கும். விலை குறைந்த பூ விளிம்பில், விலை கூடிய பூ நடுவில் என்று வைத்தால் பணம் மிச்சமாவது இதனால்தான்.

ஒரு பங்கு 3.14 சதுர அடி. ஆரஞ்சுக்கு 15.7 சதுர அடி, இதழ் 3.1 கிலோ, பூவாக நாலரைக் கிலோ. மஞ்சளுக்கு 9.4 சதுர அடி, பூவாக 2.7 கிலோ. வாடாமல்லியை ஆயாமல் காம்பு கிள்ளி முழுசாகவே அடுக்குவதால் அதற்குத் தனியாக ஒரு சதுர அடி சோதித்தாக வேண்டும். 250 கிராம் வந்தால் நடு வட்டத்துக்கு 800 கிராம்.

இனி கழிவு. நசுங்கியது, உதிர்ந்தது, கோர்க்கும்போது பிய்ந்தது என்று பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் இது போதாது. செண்டுமல்லி அடுக்கு இதழுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த பூவை வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். ஒரு பிடி பூவைத் தலைகீழாக உதறிப் பாருங்கள், துளி தெறித்தால் எடையில் நீர் இருக்கிறது. கூடையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பூ புழுங்கியிருக்கிறது. அடியில் கறுத்தவை கிடக்கும். அப்படிப்பட்ட சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் ஆச்சரியமில்லை, வேறு கூடை கேளுங்கள்.

கழிவையும் சேர்த்து நம் வீட்டுப் பட்டியல் இப்படி நிற்கிறது: ஆரஞ்சு செண்டுமல்லி வளைவுக்கு 8 கிலோ, கோலத்துக்கு 5 கிலோ, ஆக 13. மஞ்சள் 3 கிலோ. வாடாமல்லி 1 கிலோ. சம்பங்கி 2¾ கிலோ. மண்டியில் இதைச் சொல்லும்போது கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "கிலோவுக்கு எத்தனை பூ நிற்கும்?" 150 என்றால் உங்கள் கணக்கு அப்படியே செல்லும். 100 என்றால் பூ பெரிது. சரம் தடிமனாக வரும், ஆனால் கிலோவுக்கு அத்தனை அடி தேறாது, ஒரு கிலோ இரண்டு கிலோ கூடுதலாகச் சொல்ல வேண்டும். 200 என்றால் பூ சின்னது. அதே எடையில் கூடுதல் இடம் மூடும், ஆனால் கோர்க்க ஆளும் நேரமும் அதிகம் வேண்டும். முதல்நாள் இரவு கோர்க்க எத்தனை பேர் உட்காருவார்கள் என்று எண்ணிவிட்டு எந்தப் பூ என்று முடிவு செய்யுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பூவில் கிலோவுக்கு எத்தனை அடி சரம், சதுர அடிக்கு எத்தனை கிராம் இதழ் என்று அளந்தவர்கள், பூவின் பெயரையும் மாதத்தையும் குறிப்பிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். நிலக்கோட்டையிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் வரும் அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தை முகூர்த்தங்களுக்கு முன்னால் ஓர் அட்டவணையாக வெளியிடலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்