பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் இன்னொரு பெயர்

டொராண்டோவுக்கு வந்த புதிதில் என் பட்டப்படிப்பை மதிப்பீடு செய்ய அனுப்பினேன். ஆவணங்களில் உள்ள பெயர்கள் பொருந்தவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. நான் நானேதான் என்று நிரூபிக்க இரண்டு மாதம் போனது. இங்குள்ள தமிழ் நண்பர்களிடம் சொன்னால், "உனக்குமா?" என்கிறார்கள். இதை எழுத அதுதான் காரணம்.

என் பெயருக்குப் பதிலாக எழிலரசன் என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம், அப்பா முருகேசன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ELILARASAN M. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் MURUGESAN, இயற்பெயர் EZHILARASAN. பார்ப்பவருக்கு இது ஒரே குழப்பமாகத் தெரியும். உண்மையில் இதில் இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது இனிஷியல். இது யாருடைய தப்பும் இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து போதும். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். M என்பது MURUGESAN ஆனது அப்படித்தான். இதைத் திருத்த வேண்டியதில்லை, விளக்கினால் போதும்.

இரண்டாவது எழுத்துக்கூட்டு. ழகரத்தை zh என்று எழுதுவது ஒரு மரபு. காதில் விழுந்தபடி l என்று எழுதுவது இன்னொன்று. பள்ளியில் சேர்த்த அன்று பதிவேட்டை எழுதியவர் l போட்டார். அதுவே பத்தாம் வகுப்புக்கும், அங்கிருந்து கல்லூரிப் பட்டத்துக்கும் போனது. பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றிதழைப் பார்த்து zh எடுத்தது. அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி, Coimbatore-ஐ Koyampuththoor ஆக்கி, சில நாட்களிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றதே!

சரி, எதை மாற்றுவது? ஏற்கெனவே கனடாவில் இருந்தால் பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. விசா, பி.ஆர். அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் அதிலுள்ள பெயரில்தான் நிற்கின்றன. அதை மாற்றினால் ஒரு பொருத்தமின்மை போய் ஐந்து வரும். பாஸ்போர்ட்டை மூலமாக வைத்துக்கொண்டு, சான்றிதழை அதோடு இணைக்கும் ஒரு காகிதம் செய்துகொள்வதே நல்லது.

அந்தக் காகிதம், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன் கையெழுத்திடும் அஃபிடவிட். அதில் இரண்டு பெயர்களும் அச்சில் இருப்பது போலவே, ஒரு இடைவெளி கூட மாறாமல் இருக்க வேண்டும். எந்த ஆவணம், யார் கொடுத்தது, எண், தேதி ஆகியவற்றைச் சேருங்கள். M என்பது அப்பா பெயர் என்றும், l, zh இரண்டும் ஒரே தமிழ் எழுத்து என்றும் இரண்டு காரணங்களையும் தனித்தனியே சொல்லுங்கள். ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழையும், அப்பா பெயர் அச்சிட்டிருக்கும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் இணையுங்கள். நான் முதலில் கொண்டுபோன அஃபிடவிட்டில் இனிஷியலை மட்டும் விளக்கியிருந்தேன். எழுத்துக்கூட்டைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

குடிவரவுப் படிவங்களில், வேறு பெயரைப் பயன்படுத்தியது உண்டா என்று ஒரு கேள்வி வரும். புனைபெயரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து நம்மவர்கள் "இல்லை" என்று போட்டுவிடுகிறார்கள். "ஆம்" என்று போட்டு, சான்றிதழில் உள்ள பெயரை எழுதிவிடுங்கள். பின்னால் அவர்களாகக் கண்டுபிடித்து விளக்கம் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அஃபிடவிட் சான்றிதழைத் திருத்தாது, உங்கள் உறுதிமொழி மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். பிறந்த தேதியும் வேறாக இருந்தால் அது தாங்காது. மூல ஆவணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஊரில் பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறதா? தேர்வுக்கு முன் பள்ளியில் நாமினல் ரோல் தயாராகும். அதைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அங்கே தலைமையாசிரியரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லித் திருத்த வேண்டிய ஒரு l, இங்கே எனக்கு இரண்டு மாதத்தைத் தின்றது.