சிரித்தால் சம்மதமா?

"வெள்ளைக்காரங்களுக்கு நம்ம ஊரு ரொம்பப் பிடிச்சுப்போச்சுப்பா. எவ்வளவு பக்கத்துல போனாலும் சிரிச்சுக்கிட்டே நிக்கிறாங்க." ஒவ்வொரு வருஷமும் ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் அலங்காநல்லூர் டீக்கடைகளில் இந்தப் பேச்சு ஓடும். நண்பர்களே, இது தப்பான பேச்சு. அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி பிடித்துப்போனதால் வந்ததல்ல, தப்பிக்க வழி தெரியாததால் வந்தது. இதை நாம் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் விருந்தோம்பல் என்று மார்தட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

தை மூன்றாம் நாள் காலையில் சுற்றுலாத் துறை வண்டிகளில் வந்து இறங்கும் வெளிநாட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். கேலரியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவர்களுக்குத் தொந்தரவில்லை. வண்டியிலிருந்து கேலரிக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. நான் சில வருஷமாகத் தெருவோரம் நின்று கவனித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

ஒரு வெளிநாட்டுப் பெண் நிற்கிறார். நம்ம பையன் ஒருவன் செல்போனோடு வருகிறான், "ஹலோ மேடம்" என்கிறான். அவர் கண்ணைப் பார்த்துப் பளிச்சென்று சிரிக்கிறார். இது நிஜமான சிரிப்புதான். ஆனால் அவர் ஊரில் இதற்கு அர்த்தம் "உன்னைப் பார்த்தேன், என்னால் உனக்குத் தொல்லையில்லை" என்பது மட்டுமே. கடையில், லிஃப்டில், தெருவில் முகந்தெரியாதவர்களுக்கும் கொடுக்கும் சிரிப்பு அது. நம் ஊரிலோ ஒரு பெண் அறியாத ஆணின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பது பெரிய விஷயம். ஆகவே பையன் அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறான்.

உடனே ஓரடி முன்னால் வருகிறான். அவர் அரையடி பின்னால் போகிறார். இவன் மறுபடி முன்னால் வருகிறான், அவர் மறுபடி பின்னால் போகிறார். ஐந்து நிமிஷத்தில் தெருவின் நடுவில் இருந்தவர் சுவரோரம் வந்துவிடுகிறார். முதுகில் கிடந்த பை முன்பக்கம் வந்துவிடுகிறது. பாதங்கள் பையனை விட்டுவிட்டுக் கேலரி இருக்கும் பக்கம் திரும்பிவிடுகின்றன. உதடு மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. நாம் அந்த உதட்டை மட்டும் பார்த்துவிட்டு "பிடிச்சுப்போச்சு" என்கிறோம்.

இந்த முன்னால் பின்னால் நடையை அமெரிக்க மானிடவியல் அறிஞர் எட்வர்ட் ஹால் 1959லேயே எழுதிவிட்டார். நெருங்கி நின்று பேசும் பழக்கமுள்ள வெளிநாட்டவர் ஒருவர் நெருங்க நெருங்க, அமெரிக்கர் ஒருவர் நீண்ட தாழ்வாரம் முழுக்கப் பின்னோக்கியே நடந்ததாகச் சொல்கிறார். அமெரிக்கரின் கண்ணில் மற்றவர் மேலே வந்து விழுகிறவர். நெருங்குகிறவருக்கோ அமெரிக்கர் ஒட்டாதவர். 1966ல் எழுதிய இன்னொரு புத்தகத்தில் அளவும் கொடுத்தார். அறியாதவரோடு பேச அமெரிக்கர்களுக்கு நாலடிக்கு மேல் வேண்டும். ஒன்றரை அடிக்குள் வருவது கணவன், மனைவி, குழந்தைகள் போன்றவர்கள்தான். அவர் பார்த்தது அமெரிக்காவின் ஒரு பகுதியில் இருந்த நடுத்தர மக்களைத்தான் என்பதால் இதை உலகத்துக்கே அளவாகக் கொள்ள முடியாது. நமக்கு இந்தக் கணக்கே வேறு. டவுன் பஸ்ஸிலும் கோயில் வரிசையிலும் டீக்கடை பெஞ்சிலும் தோளோடு தோள் உரசி வளர்ந்தவர்கள் நாம். இரண்டடியில் நிற்பது நமக்குச் சகஜம், அவருக்கு அது வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.

எதிர்ப்பக்கமும் குழப்பம் உண்டு. திண்ணையில் இருக்கும் நம்ம கிழவி, புது ஆளைக் கண்டால் கண்கொட்டாமல் பார்ப்பாள். நம்மிடம் அதற்கு "யாரு வீட்டுக்கு வந்த பிள்ளையோ" என்ற அக்கறைதான் அர்த்தம். மேற்கத்தியருக்கு அது முறைப்பு. பெரிய மனுஷர் ஒருவர் சிரிக்காமல் தலையை மட்டும் அசைப்பார். அது மரியாதை, அவர்கள் அதைக் கோபம் என்று நினைப்பார்கள். வருகிறவர்களும் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. ரஷ்யர்களிடம் அறியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் குறைவு. ஜப்பானியர் குனிந்து வணங்கும்போது பார்வையும் தரைக்குப் போகும். "வெள்ளைக்காரன் பழக்கம்" என்று ஒன்றை மனப்பாடம் செய்து பயனில்லை. எதிரில் நிற்கும் ஆளைத்தான் படிக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது? சிரிப்பைக் கடைசியாகப் பாருங்கள். துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862லேயே சொன்ன விஷயம் இது. உதட்டை விரிக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றிய தசை அவ்வளவு எளிதில் கேட்காது. கண்ணோரம் சுருங்காமல் உதடு மட்டும் நீண்டிருந்தால் அது மரியாதைச் சிரிப்பாக இருக்கலாம். கண்ணையும் சேர்த்து நடிக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டியிருப்பதால் இதை மட்டும் நம்பவும் கூடாது. காலைப் பாருங்கள். முகத்தைக் காவல் காக்கிற அளவுக்கு யாரும் காலைக் காவல் காப்பதில்லை. பின்னால் எடுத்து வைத்த அடி, திரும்பிய பாதம், முன்னால் வந்த பை, உடன் வந்தவரைத் தேடும் கண், ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும் பதில், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். மார்கழிக் குளிர் விடாத காலையில் கையைக் கட்டியிருப்பது குளிருக்காகவும் இருக்கும். மைக் செட் சத்தத்தில் காது கேட்காமல் அவரே கிட்டே வருவார். முதலில் எப்படி நின்றார், நீங்கள் வந்த பிறகு என்ன மாறியது என்பதுதான் கேள்வி. சந்தேகமாக இருந்தால் நீங்கள் ஓரடி பின்னால் போய்ப் பாருங்கள். அவர் தோள் இறங்கி, பேச்சு நீண்டால் நெருக்கம்தான் தொல்லையாக இருந்திருக்கிறது.

"நம்ம ஊருக்கு வந்தா நம்ம வழக்கத்துக்குத்தான் நிக்கணும்" என்பார்கள் சிலர். சரி, நம்ம வழக்கம் என்ன? வணக்கம். நெஞ்சருகே இரண்டு கையையும் சேர்த்து, எட்ட நின்று, ஒரு கணம் பார்த்துச் சொல்வது. தொட வேண்டியதில்லை, நெருங்க வேண்டியதில்லை, பல்லைக் காட்ட வேண்டியதுமில்லை. அப்புறம் நெருங்குவதா வேண்டாமா என்பதை வந்தவரிடம் விட்டுவிடுகிறோம். தோளில் கைபோட்டு செல்ஃபி எடுப்பது எந்தத் தலைமுறையில் நம் வழக்கமானது?

இன்னும் சிலர், "ஊரு பொண்ணுங்க மேல இல்லாத அக்கறை வெளிநாட்டுக்காரி மேல எதுக்கு" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதில் நமக்குத்தான் கசக்கும். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு நின்ற பிள்ளை லேசாகச் சிரித்ததும், "பொண்ணுக்குச் சம்மதம்" என்று பாக்கு வெற்றிலை மாற்றிய வீடுகள் நம்மில் எத்தனை? அந்தப் பிள்ளையின் கால் அடுப்படிப் பக்கம் திரும்பியிருந்ததை யார் பார்த்தோம்? கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் கன்னத்தைக் கிள்ளும்போது பேத்தி சிரித்துக்கொண்டே பாட்டி முந்தானைக்குள் போகிறாள். "வெக்கப்படுறா" என்று நாம் சிரிக்கிறோம். முந்தானைக்குள் போனதுதான் அவள் சொன்ன பதில்.

மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் சிரிப்புதான் மறுப்பாக வெளிவரும். அறியாத ஊரில், மொழி தெரியாத கூட்டத்தின் நடுவே நிற்கும் பெண்ணுக்கும் அதே நிலைதான். அடுத்த தை மூன்றாம் நாள் உங்கள் பேரன் செல்போனோடு கிளம்பினால் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: "நாலடி தள்ளி நின்னு வணக்கம் சொல்லு. அவங்க முன்னால வந்தா பேசு, பின்னால போனா வழிய விடு."