பீடிப் பாஸ்புத்தகமும் மனநலச் சான்றும்

வன்கொடுமை வழக்குகளில் ‘நடிப்பு’ என்னும் சொல் இரு திசைகளிலிருந்தும் வரும். குற்றஞ்சாட்டப்பட்டவர் தனக்குச் சித்தம் தெளிவில்லை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவை நாடலாம். பாதிக்கப்பட்டவர் தன் மனப்பாதிப்பைச் சொன்னால், பணத்துக்காக நடிக்கிறார் என்று எதிர்த்தரப்பு கூறலாம்.

இதைச் சோதிக்கும் ‘டாம்’ தேர்வில் 50 கோட்டோவியங்கள் காட்டப்படும். பின்னர் இரண்டிரண்டாகக் காட்டி, முன்பு கண்டது எது என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலும் 25 அளவில் சரியாகிவிடும். ஒருவர் 12 மட்டுமே சரியாகச் சொன்னால், சரியான விடையை அறிந்தே அவர் தவிர்த்திருக்கிறார் என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் இரண்டாம் சுற்றில் 45க்குக் கீழே வந்தாலே ஐயம் என்பது பொது அளவு. கடுமையான மறதிநோயும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவர்கள் நடிக்காமலேயே அங்கே விழலாம்.

இதைவிட ஆபத்தானது ‘ரே’ தேர்வு. 15 குறிகளை 10 விநாடி காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். அவை ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து, எண், ரோமன் எண், வடிவம் என மும்மூன்றாக அமைந்தவை. பள்ளியில் படித்தவருக்கு ஐந்தே தொகுதிகள். பள்ளிக்கே போகாதவருக்கோ பதினைந்தும் வெவ்வேறு கிறுக்கல்கள். 9க்குக் கீழே வந்ததும் ‘நடிப்பு’ என்று எழுதினால், அங்கே அளக்கப்பட்டது நேர்மையன்று, கல்வி மறுக்கப்பட்ட வரலாறு.

மருத்துவரையே ஏமாற்றியவர்களும் உண்டு. நியூயார்க் மாஃபியாத் தலைவர் வின்சென்ட் ஜிகாண்டே, குளியலங்கியோடு தெருவில் முணுமுணுத்துத் திரிந்து, பெயர்பெற்ற மனநல மருத்துவர்களைப் பல ஆண்டுகள் நம்பவைத்தார். அவர் தெளிவாகப் பேசித் தொழில் நடத்தியதை முன்னாள் கூட்டாளிகள் சாட்சியமாகக் கூறினர். 1996இல் அவர் விசாரணைக்குத் தகுதியானவர் என்று நீதிபதி முடிவு செய்தார். 2003இல் நடித்ததை அவரே ஒப்புக்கொண்டார். மருத்துவ அறைக்கு வெளியே கிடைத்த தகவலே அங்கு நீதிபதிக்குக் கைகொடுத்தது.

அதே தகவல் நம் பக்கமும் நிற்கும். தாக்குதலுக்குப் பின் உறக்கமும் கைவேகமும் போய்விட்டன என்கிறார் குற்றாலம் அருகே பீடி சுற்றும் பெண்ணொருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒப்படைத்த பீடிக் கணக்கு கம்பெனிப் பாஸ்புத்தகத்தில் இருக்கும். தாக்குதல் நாளுக்கு முன்பும் பின்பும் உள்ள பக்கங்களை ஒப்பிட்டால் சரிவு தெரியும். வழக்கு வருமென்று எவரும் எண்ணாத நாளில் எழுதப்பட்ட கணக்கு அது. அரசு மருத்துவமனைச் சீட்டின் தேதியும், எதிர்த்தரப்போடு உறவில்லாத அண்டைவீட்டாரின் வாக்குமூலமும் அதோடு சேர வேண்டும். சரிவு உடற்காயத்தாலும் வரலாம் என்பதால் காயச் சான்றும் தேவை.

குறுக்கு விசாரணையில் மருத்துவரிடம் நான் கேட்கச் சொல்வது இவ்வளவே: எந்தத் தேர்வு, எந்த மொழியில், எழுத்தறியாத தமிழருக்கு அதன் அளவுகோல் சரிபார்க்கப்பட்டதா, வீட்டாரிடம் பேசினீர்களா? ஒன்றைக் கூட்டிச் சொன்னவருக்கு உண்மையிலேயே நோயும் இருக்கலாம் என்பதை அறிக்கை மறுக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.