முன்கதவைக் கட்டிப்போட்டு மோல்டிங் மெஷினை ஓட்டக் கூடாது: சங்கத்தின் நிலைப்பாடு

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினின் முன்கதவு இன்டர்லாக்கை பைபாஸ் செய்து ஒரு ஷாட்கூட எடுக்கக் கூடாது. ஆர்டர் அவசரமானாலும், புது மோல்டைச் சோதித்துப் பார்க்கும் நேரமானாலும் இதில் விலக்கு கிடையாது. சிறு மோல்டிங் தொழிலகங்களின் சங்கம் தன் உறுப்பினர்கள் முன் வைக்கும் நிலைப்பாடு இது. பாதுகாப்பு மட்டுமே இதற்குக் காரணமில்லை. கதவைக் கட்டிப்போட்டால் சைக்கிள் டைம் குறையும் என்ற கணக்கே தப்பு என்பதையும் சங்கம் சொல்ல விரும்புகிறது.

ஓர் உதாரணம். 150 டன் டகிள் மெஷின் ஒன்றில், பாலிபுரொப்பிலீனில் டப்பா மூடி போடுகிறார்கள். மெஷின் செமி ஆட்டோவில் ஓடுகிறது. ஆபரேட்டர் கதவை மூடியதும் மோல்டு வேகமாக நகர்ந்து வந்து, இரு பாதிகளும் தொடுவதற்குச் சற்று முன் வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்துக்கொள்கிறது. தொட்ட பிறகே முழு அழுத்தம் ஏறி, டகிள் நிமிர்ந்து லாக் ஆகிறது. இதற்கு 3 விநாடி. பிறகு ஸ்குரூ முன்னே பாய்ந்து, உருகிய பிளாஸ்டிக்கை 2 விநாடியில் மோல்டுக்குள் நிரப்புகிறது. அடுத்து 6 விநாடி ஹோல்டிங். மூடி ஆறும்போது சுருங்குவதால் ஏற்படும் குறையை ஈடுகட்ட, அழுத்தம் விடாமல் கொடுக்கப்படுகிறது. அதன்பின் 12 விநாடி கூலிங். இந்த நேரத்துக்குள்ளேயே ஸ்குரூ சுழன்று அடுத்த ஷாட்டுக்கான பொருளை உருக்கிச் சேர்த்துவிடும். மோல்டு திறக்க 2 விநாடி, எஜெக்டர் மூடியைத் தள்ள 1 விநாடி, கதவைத் திறந்து மூடியையும் ரன்னரையும் எடுக்க 4 விநாடி. மொத்தம் 30.

இந்த வரிசையில் ஒரு வேலை முடிந்தது என்ற தகவல் வந்தால்தான் அடுத்தது தொடங்கும். எஜெக்டர் பின்கள் பின்வாங்கிவிட்டன என்று சுவிட்ச் சொல்லாவிட்டால் மோல்டு மூடாது. மூடினால் நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள் எதிர்ப்பாதியில் இடித்து மோல்டு பாழாகும். பேரல் சூடு செட் செய்த அளவுக்கு ஏறாவிட்டால் ஸ்குரூ சுழலாது. உருகாத பொருளோடு சுழன்றால் ஸ்குரூ முறியக்கூடும். இந்த இரண்டும் மெஷினையும் மோல்டையும் காக்கிற இன்டர்லாக்குகள். முன்கதவில் இருப்பது ஆளைக் காக்கிறது.

பழைய ஹைட்ராலிக் மெஷின்களின் முன்கதவுக்கு மூன்று அடுக்குக் காவல் உண்டு. கதவு நகர்ந்ததும் லிமிட் சுவிட்ச் மின்சுற்றைத் துண்டிக்கும். கதவோடு இணைந்த வால்வு, கிளாம்ப் சிலிண்டருக்குப் போகும் எண்ணெயை நிறுத்தும். மேலிருந்து ஓர் இரும்புத் துண்டு விழுந்து, நகரும் பிளேட்டோடு வரும் ராடின் வெட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் வால்வு காக்கும். வால்வு கசிந்தாலும் இரும்பு தடுக்கும்.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. மூன்றில் ஒன்று செத்துப்போனால் வெளியே தெரியாது. மோல்டு மாற்றும்போது இரும்புத் துண்டை மேலே தூக்கிக் கட்டிய செட்டர் அதை அவிழ்க்க மறந்திருப்பார். கதவைத் திறந்தால் மெஷின் நிற்கத்தான் செய்யும், ஏனென்றால் லிமிட் சுவிட்ச் வேலை செய்கிறது. எல்லாம் சரியாக இருப்பதாகவே ஷிஃப்ட் ஓடும். பிறகொரு நாள் யாரோ அந்த சுவிட்சையும் கம்பியால் அழுத்திக் கட்டினால், மிச்சமிருப்பது பல வருடம் யாரும் கழற்றிப் பார்க்காத ஒரு வால்வு மட்டுமே. புதிய கன்ட்ரோலர்கள் கதவின் இரு சுவிட்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்பட்டால் மெஷினைப் பூட்டிவிடும். பழைய ரிலே பேனல்களில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

சுவிட்சைக் கட்டிய பிறகு இன்னொன்றும் மாறிவிடுகிறது. செமி ஆட்டோவில் அடுத்த சைக்கிளைத் தொடங்குவது ஆபரேட்டர் கதவை மூடும் செயல்தான். கதவைத் திறந்தே வைத்து மெஷினை ஆட்டோவில் போட்டால் அந்த முடிவு டைமரின் கைக்குப் போகிறது. ரன்னர் சிக்கிக்கொண்டு, அதை இழுக்க வழக்கத்தைவிட ஒரு விநாடி கூடுதலானால் டைமர் காத்திருக்காது.

“லோ பிரஷரில்தானே மூடுகிறது, கை இருந்தால் மெஷின் நின்றுவிடும்” என்று சில தொழிற்கூடங்களில் சொல்வதுண்டு. இதைச் சங்கம் முற்றாக மறுக்கிறது. மோல்டு பாதுகாப்புக்கான அந்த அழுத்தம், இடையில் ரன்னர் மாட்டினால் உணர்ந்து மோல்டைத் திறப்பதற்காக வைக்கப்பட்டது. நகரும் பிளேட்டும் அதில் பூட்டிய மோல்டும் சேர்ந்த எடை, குறைந்த அழுத்தத்திலும் விரலை நசுக்கப் போதும். அலாரம் தொந்தரவு தருகிறது என்று அந்த அழுத்தத்தைக் கூட்டி வைத்திருக்கும் மெஷின்களில் மோல்டுக்கே பாதுகாப்பில்லை. செட்டிங் சரியா என்று அறிய, மோல்டின் இரு பாதிகளுக்கு நடுவே தடித்த அட்டைத்துண்டை ஒட்டி, கதவை மூடி, மெதுவாக மூடிப் பார்க்கலாம். முழு அழுத்தம் ஏறாமல் அலாரம் அடித்துத் திறக்க வேண்டும்.

இனி நேரக் கணக்கு. மேலே சொன்ன 30 விநாடியில் கதவைத் தள்ளித் திறந்து மூட ஆகும் நேரம் இரண்டு விநாடியைத் தாண்டாது. பைபாஸ் செய்கிறவர் மிச்சம் பிடிப்பது அவ்வளவுதான். அதே இரண்டு விநாடியை ஹோல்டிங்கிலிருந்து எடுக்க முடியுமா என்று பார்க்க ஒரு எடைத்தராசு போதும். ஹோல்டிங் நேரத்தை 2 விநாடியில் தொடங்கி அரை அரை விநாடியாகக் கூட்டி, ஒவ்வொரு செட்டிங்கிலும் வரும் மூடிகளை ரன்னரை வெட்டிவிட்டு எடைபோட வேண்டும். எடை ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். மோல்டின் கேட் அங்கே உறைந்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பொருள் உள்ளே போகாது. இந்த மூடியில் எடை 4 விநாடியில் நின்றால், 6 விநாடி ஹோல்டிங்கில் கடைசி இரண்டு விநாடியால் மூடிக்குள் எதுவும் சேரவில்லை. அதைக் குறைத்த பிறகு மூடி சூடாக வெளியே வந்து கோணலாகிறதா என்று கவனிக்க வேண்டும். பாலிபுரொப்பிலீன் வெளியே வந்த பிறகும் சுருங்கும் என்பதால், டப்பாவில் பொருந்துகிறதா என்பதை மறுநாளும் பார்க்க வேண்டும். இதற்கும் மேல் நேரம் வேண்டுமென்றால் கூலிங் தண்ணீர்ப் பாதையில் படிந்த உப்பையும் துருவையும் நீக்குவது அடுத்த வழி.

ஆபத்தான பாகங்களுக்குப் போட்ட தடுப்பு, அவை இயங்கும் நேரமெல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவே வகுத்தது. அதை நடைமுறையாக்க, சங்கம் உறுப்பினர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது.

முதலாவது, ஷிஃப்ட் தொடங்கும்போது மூன்று காவல்களையும் தனித்தனியாகச் சோதிப்பது. பம்ப் ஓடும்போது கதவைச் சற்றே திறந்து, கையை வெளியே வைத்துக்கொண்டு மூடும் பட்டனை அழுத்தினால் மெஷின் அசையக் கூடாது. இரும்புத் துண்டு வெட்டில் முழுதாக உட்காருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் வால்வை மட்டும் தனியாகச் சோதிப்பதை மெயின்டனன்ஸ் ஆள் செய்து, கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது, மோல்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரும்புத் துண்டின் இடத்தைச் சரிசெய்வது. மோல்டின் உயரமும் திறக்கும் தூரமும் மாறினால் பழைய இடத்தில் அது தடுக்காது.

மூன்றாவது, பைபாஸ் செய்யப்பட்ட மெஷினை ஓட்ட மறுக்கும் ஆபரேட்டரின் அன்றைய கூலியையும் உற்பத்திப் படியையும் பிடிக்காமல் இருப்பது. இரும்புத் துண்டோ வால்வோ இல்லாத பழைய மெஷின்களுக்கு அவற்றைப் பொருத்தும் செலவை, சிறு தொழில்களுக்கான இயந்திரக் கடன் திட்டங்களில் சேர்க்கும்படி அரசிடமும் சங்கம் கோருகிறது. அவை பொருத்தப்படும்வரை அந்த மெஷின்களைக் கதவு மூடிய ஆட்டோவில், வார்த்த பொருள் தானாகக் கீழே விழும் மோல்டுகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.