'கன்ஃபார்ம் ரிட்டர்ன்' என்று மெயில் அனுப்பும் சேல்ஸ் ஆட்கள்: ஒரு சுற்றறிக்கை மட்டும் போதுமா?

கொல்லிமலையில் மிளகு, காபித் தோட்டம் விற்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விற்பனைப் பிரதிநிதி சென்னை வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் தட்டுகிறார்: "சார், 10 லட்சம் போடுங்க. வருஷம் 12% கன்ஃபார்ம். 3 வருஷம் கழிச்சு வேண்டாம்னா முழுப் பணத்தையும் 30 நாள்ல செட்டில் பண்ணிடுவோம்."

இப்படி எழுதக் கூடாது என்று பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு உள்சுற்றறிக்கை அனுப்புகின்றன. "சும்மா ஃபார்மாலிட்டி" என்று பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த மெயிலில் சிக்கல் நிறையவே இருக்கிறது.

நிலமா, டெபாசிட்டா?

தோட்டத்தை விற்பது சாதாரண வியாபாரம்தான். ஆனால் ஒரு தொகையை வாங்கி, குறிப்பிட்ட காலத்துக்கு வைத்துக்கொண்டு, பலனோடு திருப்பித் தருவதாகச் சொன்னால், அது டெபாசிட்டுக்கான வரையறைக்குள் வந்துவிடலாம். தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம் (டான்பிட்) குறிவைப்பது இதைத்தான். இதன்படி, பணத்தைத் திருப்பித் தராத நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கலாம், சொத்துகளையும் முடக்கலாம்.

2019-ல் வந்த மத்திய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டத்தில் சேர வைக்க, தெரிந்தே பொய்யான வாக்குறுதியோ கணிப்போ சொல்பவர் யாராக இருந்தாலும் அது குற்றம். "முதலாளி சொன்னார், நான் எழுதினேன்" என்று சேல்ஸ் ஆள் எளிதாகக் கைகழுவ முடியாது.

பெருந்துறை சொல்லும் பாடம்

நாமக்கல்லுக்குப் பக்கத்து மாவட்டமான ஈரோட்டில், பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சுசி ஈமு ஃபார்ம்ஸ் விவகாரத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை. 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் ஈமு குஞ்சுகள், மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனஸ், இரண்டு ஆண்டு முடிவில் கட்டிய பணமும் திரும்ப வரும் என்று விளம்பரம் செய்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 72,000 கூட்டல் 20,000, மொத்தம் 92,000 ரூபாய். போட்ட பணத்தில் 61%. இவ்வளவு வருமானம் தருகிற அளவுக்கு ஈமு கறிக்கும் எண்ணெய்க்கும் சந்தை கிடையாது. அப்படியானால் புதிதாகச் சேருபவர் கட்டும் பணம்தான் பழையவருக்குப் போக வேண்டும். 2012-ல் எல்லாம் நின்றுபோனது.

12% என்பது 61% போலத் திகிலூட்டாது. ஆனால் கோளாறு அதேதான். 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1.2 லட்சம், 3 ஆண்டில் 3.6 லட்சம் கொடுத்தாக வேண்டும். மிளகுக் கொடியில் வாடல் நோய் வந்தாலும், விலை சரிந்தாலும் மெயிலில் எழுதிய 12% குறையாது. அந்த இடைவெளியை எங்கிருந்து நிரப்புவார்கள் என்பதே வாடிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வி.

'செட்டில் பண்ணிடுறோம்' என்ற வார்த்தை

இரண்டாவது ஆபத்து, புகார் வந்த பிறகு நடப்பது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த, "மாசக் கடைசிக்குள்ள 10 லட்சத்தையும் செட்டில் பண்றோம்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அது கடனை ஒப்புக்கொண்டதாகவே வாதிடப்படும். பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டு அவகாசம். அது முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், காலவரம்புச் சட்டப்படி அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். மின்னணுப் பதிவாகிய மெயிலை உரிய சான்றிதழோடு நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்கலாம்.

அப்படியானால் என்ன எழுதலாம்?

"கடந்த ஆண்டு இத்தனை கிலோ மிளகு கிடைத்தது, விற்ற விலை இவ்வளவு, பராமரிப்புச் செலவு இவ்வளவு. அடுத்த ஆண்டு கூடலாம், குறையலாம்" என்று எழுதலாம். புகாருக்கு, "உங்கள் கடிதம் கிடைத்தது, உரிய அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வங்கி டெபாசிட்டுக்கு நிச்சயமான வட்டியைச் சொல்லலாம். காரணம், அது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருக்கிறது.

ஆனால் சுற்றறிக்கையை மட்டும் அனுப்பிவிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. "மெயில்ல எழுதாதீங்க" என்பதற்கு "போன்ல சொல்லிக்கோங்க" என்று பல இடங்களில் அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். மாத டார்கெட்டை எட்டினால்தான் கமிஷன், பவர்பாயின்ட்டில் 12% என்ற கொட்டை எழுத்து அப்படியே இருக்கிறது என்றால், அந்தச் சுற்றறிக்கை வாடிக்கையாளரைக் காப்பாற்றாது. நாளைக்கு வழக்கு வந்தால் "நாங்கள் அன்றே எச்சரித்தோம்" என்று முதலாளி காட்டும் காகிதமாகத்தான் அது இருக்கும். மாட்டிக்கொள்வது, கையெழுத்துப் போட்டு மெயில் அனுப்பிய பையன்.