ஜெல்லில் 43 வந்தால் சரக்கு அசலா?

நெருப்பெரிச்சல் போன்ற பனியன் ஊர்களில் காட்டன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளை எடுக்க பயோபாலிஷ் போடுகிறார்கள். அதற்கான செல்லுலேஸ் என்சைம் கேனில் வருகிறது. திறந்து பார்த்தால் பழுப்பு நிறத் தண்ணீர், அவ்வளவுதான். உள்ளே இருப்பது என்ன என்று கேட்டால், பயோடெக் படித்தவர்கள் பலரும் நீட்டுவது எஸ்.டி.எஸ்.-பேஜ் ஜெல்லின் படத்தைத்தான். "லேடருக்குப் பக்கத்தில் பாருங்கள், 43 கிலோடால்டனில் பட்டை. அதுதான் இதன் மூலக்கூறு எடை. பட்டையும் தடிமன், சரக்கும் வலு" என்பார்கள். இதில் ஒவ்வொரு வாக்கியத்திலும் கோளாறு இருக்கிறது.

43 என்பது மூலக்கூறு எடை என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த நம்பிக்கைக்கு நியாயமான வேர் உண்டு. புரதத்தோடு எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளையும் மெர்காப்டோஎத்தனாலையும் சேர்த்து, 95 டிகிரியில் 5 நிமிடம் சுடவைக்கிறோம். மெர்காப்டோஎத்தனால் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது, சூடும் சோப்பும் மடிப்பை அவிழ்க்கின்றன. அவிழ்ந்த சங்கிலியில், 1 கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 1.4 கிராம் என்ற கணக்கில் எஸ்.டி.எஸ். ஒட்டிக்கொள்கிறது. புரதத்துக்குச் சொந்தமாக இருந்த மின்னூட்டம் எஸ்.டி.எஸ்.ஸின் எதிர் மின்னூட்டத்தில் அமுங்கிப்போகிறது. நீளத்துக்கு ஏற்ற மின்னூட்டம் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடுவதால், முந்துவதும் பிந்துவதும் ஜெல்லின் துளைக்குள் நுழையும் அளவைப் பொறுத்தது. 1969இல் வெபரும் ஆஸ்பார்னும் சுமார் 40 புரதங்களை இப்படி ஓட்டி, எடை ஏறத்தாழ 10 சதவீதத் துல்லியத்தில் கிடைக்கும் என்று காட்டினார்கள். 1970இல் லெம்லி அமைத்த இரண்டடுக்கு ஜெல்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் ஓடுகிறது.

ஆனால் இவை எல்லாம் வெறும் புரதச் சங்கிலிக்குச் சொன்னவை. பயோபாலிஷுக்கு வரும் செல்லுலேஸ்கள் பூஞ்சை வெளியே சுரக்கும் என்சைம்கள். அவற்றில் பலவற்றின் உடலில் சர்க்கரை ஒட்டியிருக்கும். எஸ்.டி.எஸ். சர்க்கரையில் ஒட்டாது. சர்க்கரையால் பருமன் கூடுகிறது, ஆனால் அதற்கேற்ற மின்னூட்டம் கூடுவதில்லை. ஆகவே பட்டை தாமதித்து மேலே நின்றுவிடும். ஹூமிக்கோலா இன்சோலென்ஸ் என்ற பூஞ்சையின் எண்டோகுளுக்கனேஸ் இதற்கு நேரடிச் சான்று. நடுநிலை பி.எச். செல்லுலேஸ்களில் பேர்பெற்றது இது. இதன் சங்கிலியில் 284 அமினோ அமிலங்கள். கூட்டிப்பார்த்தால் சுமார் 30 கிலோடால்டன்தான் வரும். ஜெல்லில் இது நிற்கும் இடம் 43. துறைக்குள்ளேயே '43 கிலோடால்டன் எண்டோகுளுக்கனேஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அது ஒரு பட்டப்பெயர், எடை அல்ல.

சர்க்கரைதான் காரணமா என்று சந்தேகம் வந்தால், அதே சரக்கை 8, 10, 12, 15 சதவீத ஜெல்களில் தனித்தனியே ஓட்டிப் பார்க்கலாம். சாதாரணப் புரதம் எந்த ஜெல்லிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தரும். சர்க்கரை ஏறிய புரதத்தின் தோற்ற எடையோ, ஜெல் அடர்த்தி கூடக்கூடக் குறையும். எண் இப்படி நகர்ந்தால் அதை எடை என்று எழுதக் கூடாது. உண்மையான எடை வேண்டுமென்றால் நிறை நிறமாலைமானியிடம்தான் போக வேண்டும்.

அடுத்து, "12 சதவீதம் போட்டால் எதற்கும் போதும்" என்ற வழக்கம். நடுத்தர அளவுள்ள ஒற்றைப் புரதத்துக்கு அது சரி. ட்ரைக்கோடெர்மா ரீசி பூஞ்சையிலிருந்து வரும் அமில செல்லுலேஸ் அப்படிப்பட்டதல்ல, அது ஒரு கூட்டம். அதன் முக்கியப் புரதங்கள் சுமார் 50க்கும் 70க்கும் இடையே நெருக்கியடித்து நிற்கும். 12இல் இவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தடித்த பட்டையாகத் தெரிந்தால், "ஒரே என்சைம், சுத்தமானது" என்று தவறாக முடிவு செய்வோம். 8இல் ஓட்டினால் அதே பட்டை பிரிந்து காட்டும். ஆனால் அந்த ஜெல்லில் 25 கிலோடால்டன் அளவிலுள்ள சின்னப் புரதம் சாயக்கோட்டோடு சேர்ந்து ஓடிவிடும். எதிர்பார்க்கும் பட்டை ஜெல்லின் நடுப்பகுதியில் வந்து நிற்க வேண்டும். அதற்கேற்ற சதவீதத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன இருக்கிறது என்றே தெரியாத சரக்கென்றால் 8இலும் 15இலும் இரண்டு ஜெல் போடுவதே நேர்மை.

லேடரைக் கண்ணால் ஒப்பிடுவது மூன்றாவது கோளாறு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 சதவீத ஜெல்லில், பிரிக்கும் ஜெல்லின் மேல்விளிம்பிலிருந்து சாயக்கோடு 60 மில்லிமீட்டர் ஓடியிருக்கிறது. லேடரில் 97 கிலோடால்டன் பட்டை 9இலும், 66 பட்டை 15இலும், 45 பட்டை 24இலும், 30 பட்டை 35இலும் நிற்கின்றன. நம் பட்டை 25இல். தூரத்தோடு ஏறக்குறைய நேர்கோட்டில் போவது எடையின் மடக்கைதான், எடை அல்ல. 45இன் மடக்கை 1.653, 30இன் மடக்கை 1.477. 11 மில்லிமீட்டருக்கு 0.176 இறங்குகிறது, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 0.016. நம் பட்டை 45ஐத் தாண்டி 1 மில்லிமீட்டர் கீழே இருப்பதால் மடக்கை 1.637, எடையாக மாற்றினால் 43.4.

இதில் எத்தனை இலக்கத்தை நம்பலாம்? பட்டை 26இல் இருப்பதாக அளந்திருந்தால் விடை 41.8 ஆகியிருக்கும். பட்டையின் தடிமனே 1 மில்லிமீட்டர் இருக்கும்போது 43.4 என்று புள்ளிக்குப் பின் எழுதுவது வெறும் பகட்டு. மேலே 97க்கும் 66க்கும் நடுவில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே கோடு செங்குத்தாக வளைவதால், ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 4 முதல் 6 கிலோடால்டன் வரை போய்விடும். ஆக, கணக்கைப் பக்கத்திலுள்ள இரு லேடர் பட்டைகளுக்குள் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. லேடரின் கடைசிப் பட்டைக்கு வெளியே கோட்டை நீட்டி எடை சொல்வது ஊகம்தான். முன்பே நிறமேற்றிய லேடரை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்; ஒட்டியிருக்கும் சாயமே அந்தப் புரதங்களின் ஓட்டத்தை மாற்றியிருக்கும். ஜெல் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் அது போதும்.

கேனிலிருந்து நேரே எடுத்து ஏற்றுவதிலும் ஒரு வம்பு உண்டு. வணிகச் சரக்கில் உப்பு அதிகம் இருந்தால் பட்டை கோணிப் பரவும். பொட்டாசியம் உப்பாக இருந்தால் எஸ்.டி.எஸ். வெள்ளையாகத் திரிந்து லேனின் குழியிலேயே படிந்துவிடும். அப்படிப்பட்ட லேனில் தூரத்தை அளப்பதே வீண். நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும்.

"பட்டை தடிமன், சரக்கு வலு" என்பதற்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. பயோபாலிஷ் முடிந்ததும் என்சைம் துணியை மேலும் அரிக்காமலிருக்க, பாத்தின் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றி அதைச் சாகடிக்கிறார்கள். அந்தச் செத்த என்சைமை ஜெல்லில் ஏற்றினாலும் பட்டை 43இல்தான் நிற்கும். ஏற்றும் முன்னே எல்லாவற்றையும் 95 டிகிரியில் நாமே கொன்றுவிடுகிறோம், பிறகு உயிரோடிருந்ததா என்று எப்படிச் சொல்ல முடியும்? வெயிலில் கிடந்து வீரியமிழந்த கேனும் புதுக் கேனும் ஒரே மாதிரி பட்டை தரலாம். வலுவை அறிய, பயோபாலிஷ் போடும் அதே பி.எச்.சிலும் சூட்டிலும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸைக் கொடுத்து, வெளிவரும் சர்க்கரையை டி.என்.எஸ். முறையில் அளக்க வேண்டும். பிறகு ஒரு துண்டுத் துணியில் எடைக்குறைவையும் வெடிப்பு வலிமையையும் பார்க்க வேண்டும்.

ஜெல்லை ஒதுக்கச் சொல்லவில்லை. போன மாதம் நன்றாக வேலை செய்த லாட்டையும் இன்று வந்த லாட்டையும் ஒரே ஜெல்லில், ஒரே அளவு புரதமாக, அடுத்தடுத்த லேனில் ஓட்டினால் அது நன்றாகவே பேசும். முன்பு இல்லாத பட்டை வந்திருந்தாலும், இருந்தது மங்கியிருந்தாலும், கீழே 20க்கு அருகில் சிதைந்த துண்டுகள் தெரிந்தாலும் சப்ளையரிடம் கேள்வி கேட்கலாம். அறிக்கையில் மட்டும் "மூலக்கூறு எடை 43" என்று போடாமல், "12 சதவீத ஜெல்லில் தோற்ற எடை சுமார் 43" என்று எழுதச் சொல்லுங்கள்.